கண்ணுக்குத் தெரியும், தேடினால் கிடைக்காது: கைபேசியில் தமிழ் எழுதுவோருக்கு ஒரு வேண்டுகோள்

எங்கள் கிளை நூலகத்துக்குப் புத்தகப் பட்டியல் தட்டச்சு செய்து கொடுத்த அத்தனை பேருக்கும் வாசகர் வட்டத்தின் வணக்கம். அட்டையைப் பார்த்துப் பார்த்து, கைபேசியிலேயே நூல் பெயரையும் ஆசிரியர் பெயரையும் அடித்து வாட்ஸாப்பில் அனுப்பினீர்கள். நாங்கள் அவற்றை ஒரு எக்செல் தாளில் ஒட்டினோம். மாதக்கணக்கில் நடந்த வேலை. அதில் ஒரு சிக்கல் முளைத்திருக்கிறது. குற்றம் சொல்ல வரவில்லை, எங்களில் பாதிப் பேரும் அதே தவறைச் செய்திருக்கிறோம். அடுத்த கட்டப் பட்டியல் வேலை தொடங்கும் முன் அதை உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறோம்.

கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ நாவலைக் கேட்டு ஓர் ஆசிரியை வந்தார். நூலகக் கணினியில் ‘கோபல்ல’ என்று தேடினோம். இல்லை என்றது. அவர் போய்விட்டார். மறுவாரம் அலமாரியைத் துடைக்கும்போது அதே புத்தகம் கையில் அகப்பட்டது. பட்டியலில் விடுபட்டிருக்கும் என்று நினைத்து, தாளை மேலிருந்து கீழே கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தோம். இருந்தது. ஆனால் ‘கோ’ வரிசையில் இல்லை. ‘காடு’ நாவலுக்குப் பிறகு, ‘கிருஷ்ணப் பருந்து’க்கு முன்னால், ‘கா’ வரிசையின் வாலில் உட்கார்ந்திருந்தது. எழுத்தில் ஒரு பிழையும் தெரியவில்லை. ‘கோ’ என்றுதான் இருந்தது. ‘கிராமம்’ என்று தேடியிருந்தால் அன்றைக்கே கிடைத்திருக்கும், அது யாருக்கும் தோன்றவில்லை.

ஆசிரியை தேடிய கோவும் பட்டியலில் இருந்த கோவும் கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு இரண்டு வேறு எழுத்துகள். இந்தத் தாளிலும் அவை அநேகமாக ஒன்றுபோலவே தெரியும்: கோ, காே. முதலாவதை அடித்தவர் ‘க’ அடித்து, ‘ோ’ குறியை ஒரே தட்டில் சேர்த்தார். இரண்டாமவர் ‘க’ அடித்தார், துணைக்கால் ‘ா’ சேர்த்தார், பிறகு இரட்டைச் சுழிக் கொம்பு ‘ே’ சேர்த்தார். கொம்பு எப்போது வந்தாலும் அதை எழுத்துக்கு இடப்பக்கம் கொண்டுபோய் வைப்பது திரையின் வழக்கம். ஆகவே படம் சரியாக வந்துவிட்டது. உள்ளே சேமிக்கப்பட்டதோ வேறு. கணினிக்குள் ஒவ்வொரு குறிக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்களில் பார்த்தால் வேறுபாடு இப்படி இருக்கும்:

```
கோ  =  U+0B95 U+0BCB
காே  =  U+0B95 U+0BBE U+0BC7
```

தேடல் படத்தைப் பார்ப்பதில்லை, இந்த எண்களைத்தான் பார்க்கிறது. அகர வரிசைப்படுத்தலும் அப்படியே. ‘க’வுக்கு அடுத்து ‘ா’ இருப்பதைக் கண்டதும் இது ‘கா’ என்று முடிவு செய்து அந்த வரிசையில் தூக்கிப் போட்டுவிட்டது.

இது ஏன் இத்தனை பேருக்கு நேர்கிறது என்று நாங்கள் யோசித்துப் பார்த்தோம். சிலேட்டில் ‘கோ’ எழுதக் கற்றபோது முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால் என்று இடமிருந்து வலமாக எழுதினோம். தட்டச்சுப் பொறியிலும் அதே வரிசைதான். கைபேசியில் அது செல்லாது. கொம்பை முதலில் தட்டினால் பிடிக்க எழுத்தில்லாமல் அந்தரத்தில் நிற்கும். அதனால் க-வை முதலில் அடிக்கப் பழகிக்கொண்டோம். மிச்சமிருக்கும் காலையும் கொம்பையும் எந்த வரிசையில் அடிப்பது என்று யாரும் சொல்லித் தரவில்லை. ‘கா’ எழுதிப் பழகிய விரல் முதலில் காலுக்குப் போகிறது.

கொம்பை முதலிலும் காலைப் பிறகும் தட்டியவர்கள் தப்பித்தார்கள். யூனிகோடு விதிப்படி ‘ே’யும் ‘ா’வும் இதே வரிசையில் வந்தால் அது ‘ோ’வுக்குச் சமம். அந்த விதியைப் பின்பற்றும் மென்பொருள் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். கால் முந்திக்கொண்டால் மட்டும் அந்தச் சமன்பாடு கிடையாது. ‘ொ’வுக்கும் இதே கதைதான்.

‘மோகமுள்’, ‘புயலிலே ஒரு தோணி’, ‘பொன்னியின் செல்வன்’ எல்லாம் இப்படியே தவறின. இவற்றில் சிலவற்றுக்கு இரண்டு படிகள் இருந்தும், ஒருவர் அடித்தது கிடைத்தது, மற்றவர் அடித்தது கிடைக்கவில்லை.

இதற்குத் தம்பி ஒன்று உண்டு. எழுத்தாளர் மௌனியின் பெயரைப் பட்டியலில் பலர் ‘மெளனி’ என்று அடித்திருக்கிறார்கள். உற்றுப் பாருங்கள், அங்கே ஔகாரக் குறி இல்லை. ஒற்றைக் கொம்பு, ம, அப்புறம் முழு ‘ள’ எழுத்து. ஔகாரக் குறியின் வலப்பாதி ‘ள’ போலவே இருப்பதால் கண் ஏமாந்துவிடுகிறது. வார இதழ்களில்கூட ‘கெளரவம்’, ‘ஒளவையார்’ என்று அச்சாகி வருவதைப் பார்க்கலாம். எங்கள் வட்டத்தில் பார்வையற்ற நண்பர் ஒருவர் இருக்கிறார், கைபேசி குரலில் வாசிப்பதைக் கேட்டுத்தான் பட்டியலைப் பின்தொடர்வார். அவருக்கு அது ‘மெ-ள-னி’ என்றே கேட்டது. யாரோ புது எழுத்தாளர் என்று நினைத்துக்கொண்டாராம். நாங்கள் சிரித்தோம், அவர் சிரிக்கவில்லை.

சரியாக அடித்திருக்கிறோமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பார்வை உதவாது என்பதால் அழிக்கும் விசையைக் கேளுங்கள். ‘கோ’ அடித்ததும் ஒரே ஒரு முறை அழிக்கும் விசையைத் தட்டுங்கள். ‘க’ மட்டும் மிஞ்சினால் சரி. ‘கா’ மிஞ்சினால் கால் முந்திவிட்டது. ‘மௌ’ அடித்து ஒருமுறை அழித்தால் ‘ம’ நிற்க வேண்டும். ‘மெ’ நின்றால் நீங்கள் அடித்தது ‘ள’. பெரும்பாலான ஆண்ட்ராய்டு கைபேசிகளில் இந்தச் சோதனை நடக்கும். எழுத்து முழுவதையும் ஒரே தட்டில் அழித்துவிடும் கைபேசியாக இருந்தால் வேறு வழி: அந்தச் சொல்லைச் சரியாக அடிக்கத் தெரிந்த ஒருவரை அடிக்கச் சொல்லி, அதைக்கொண்டு உங்கள் செய்தியில் தேடிப் பாருங்கள்.

அடிக்கும் முறையைச் சற்று மாற்றிக்கொண்டால் சோதனையே தேவைப்படாது. உங்கள் விசைப்பலகையில் ொ, ோ, ௌ ஆகிய மூன்றும் தனி விசைகளாக எங்கே இருக்கின்றன என்று ஒருமுறை தேடிக் கண்டுபிடித்துவிடுங்கள். சிலவற்றில் பக்கத்துக் குறியை அழுத்திப் பிடித்தால் மேலெழும். ஆங்கில எழுத்தில் ஒலியை அடித்துத் தமிழாக்குகிறவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. தமிழ்99 பயன்படுத்துகிறவர்களுக்கும் இல்லை. அங்கே காலும் கொம்பும் தனித்தனியாக இல்லவே இல்லை. ‘க’ தட்டி, உயிரெழுத்து ‘ஓ’ தட்டினால் ‘கோ’ வந்துவிடும். 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற அந்தப் பலகையைப் பழக ஒரு வாரம் பிடிக்கும் என்பதுதான் எல்லோரும் சொல்லும் குறை. எங்களில் மூவர் பழகிவிட்டோம், ஒருவர் பாதியில் கைவிட்டார்.

புள்ளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கரிசல் இலக்கியம் குறித்த ஒரு கூட்டத்துக்கு ‘மண் வாசனை’ என்று தலைப்பு வைத்து, அழைப்பை அவசரமாகக் கைபேசியில் அடித்தோம். ண்-மேல் புள்ளி விழவில்லை. ‘மண வாசனை’ என்று ஊர் முழுக்கப் போய்விட்டது. யார் வீட்டுக் கல்யாணம் என்று கேட்டு ஒரு பெரியவர் கூப்பிட்டார். புள்ளிக்கு ஒரு தட்டு கூடுதலாக வேண்டியிருப்பதால் அவசரத்தில் முதலில் காணாமல் போவது அதுதான். ஆனால் இந்தப் பிழை கண்ணில் படுகிற பிழை. அனுப்பும் முன் ஒருமுறை படித்தால் பிடித்துவிடலாம். தமிழ்99இல் ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவதன் மேல் புள்ளி தானே விழும், ‘ந’வும் ‘த’வும் அடுத்தடுத்து வந்தாலும் ‘ந்த’ ஆகிவிடும். சொல்லின் கடைசிப் புள்ளி போன்ற மற்றவற்றை நாம்தான் வைக்க வேண்டும்.

ஓலைச்சுவடியில் புள்ளி வைக்கும் வழக்கம் அரிது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்பு, ரகரமும் துணைக்காலும் ஒரே வடிவம். படிக்கிறவர் இடம் பார்த்துப் பொருள் கொண்டார். இன்றைக்கும் ‘மோகமுள’ என்று யாராவது அனுப்பினால் நாம் அப்படித்தான் மனத்தில் புள்ளி வைத்துக்கொள்கிறோம். நூலகக் கணினிக்கு அந்தப் பழக்கம் இல்லை.

ஏற்கெனவே தவறாக ஏறியவற்றைத் திருத்துவதில் உங்கள் உதவி வேண்டும், அதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. கால் முந்திய பிழைகளைக் கண்டுபிடித்து மாற்றும் வசதியால் மொத்தமாகத் திருத்தலாம். தேட வேண்டியது ‘ாே’, மாற்ற வேண்டியது ‘ோ’. அடுத்து ‘ாெ’, அதற்கு ‘ொ’. சரியான தமிழில் துணைக்காலுக்கு அடுத்து கொம்பு வரவே வராது, ஆகவே நல்ல சொல் எதுவும் இதில் கெடாது. ஆனால் ‘ெள’ என்பதை ‘ௌ’ என்று மொத்தமாக மாற்றிவிடாதீர்கள். ஓர் ஆர்வலர் மாற்றினார். ‘தெளிவு’, ‘வெளிச்சம்’, ‘வெள்ளம்’ என்று ஒழுங்காக இருந்த சொற்களெல்லாம் சிதைந்து போயின. நல்லவேளை, பழைய படி இருந்தது. ‘ஒள’வை ‘ஔ’ ஆக்கினாலும் ‘ஒளி’க்கு அதே கதிதான். ஔகாரச் சொற்கள் நூல் பெயர்களில் கொஞ்சம்தான்: மௌனம், கௌரவம், பௌர்ணமி, சௌந்தர என்று தொடங்குபவை, ஔவை, வௌவால். இவற்றை ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்துத் திருத்துவதே பாதுகாப்பு.

‘ஸ்ரீ’யை மட்டும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அது ஸகரத்தில் தொடங்கி ஒரு விதமாகவும், ஶகரத்தில் தொடங்கி இன்னொரு விதமாகவும் விசைப்பலகைக்கு விசைப்பலகை மாறுகிறது. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். அடிக்கிறவர் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. எதை வைத்துக்கொள்வது என்று வட்டத்தில் இன்னும் வாக்குவாதம் நடக்கிறது.

நூல் பெயர் அடித்து அனுப்பியவர்கள் தங்கள் பழைய செய்திகளைத் திறந்து, ஒகர, ஓகார, ஔகாரத்தில் தொடங்கும் பெயர்களை மட்டுமாவது மேலே சொன்ன சோதனையில் பார்த்து, தவறு இருந்தால் திருத்தி மறுபடி அனுப்புங்கள். பிறர் அனுப்பியதில் பிழை கண்டால் குழுவில் போட்டு வட்டமிட வேண்டாம், தனியே சொல்லுங்கள். புதிதாகச் சேர விரும்புகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை கைபேசியோடு நூலகத்துக்கு வரலாம், சார்ஜரும் கொண்டுவாருங்கள். ‘க’ முதல் ‘ச’ வரை முடித்துவிட்டோம். ‘தொ’, ‘தோ’ இரண்டும் இன்னும் பார்க்கப்படவில்லை. ‘தோணி’ என்று தொடங்கும் நூல் ‘தா’ வரிசையில்தான் நின்றுகொண்டிருக்கிறது.