பார்த்துப் படிப்பதில் தப்பில்லை

கேமரா முன்னால் பார்த்துப் படிப்பவர் உண்மையாகப் பேசவில்லை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பார்த்துப் படிப்பதில் குற்றம் இல்லை. எதை எழுதி வைத்துப் படிக்கிறோம் என்பதில்தான் கோளாறு.

எங்கள் செவ்வாய்ப்பேட்டை மண்டிக்காரர்களைப் பாருங்கள். பருப்பு விலையைச் சொல்லும்போது தடுமாறுபவர் ஒருவரும் கிடையாது. அவர்களில் ஒருவரைக் கேமரா முன் உட்கார வைத்தால் தொண்டை அடைத்துக்கொள்ளும். காரணம் எளிது. எதிரே தலையாட்ட ஆள் இல்லை. அடுத்த வார்த்தை மறந்துபோகுமோ என்ற பயம் மட்டும் இருக்கிறது.

அந்தப் பயத்துக்கு வந்த மருந்துதான் டெலிப்ராம்ப்டர். 1950 வாக்கில் அமெரிக்கத் தொலைக்காட்சி நடிகர்களுக்காக உருவானது. லென்ஸுக்கு முன்னால் சாய்வாக ஒரு கண்ணாடி, அதன் கீழே படுக்கவைத்த திரை. திரையில் இடவலமாகத் திருப்பிக் காட்டும் எழுத்து, கண்ணாடியில் நேராகத் தெரியும். பேசுபவர் அதைப் படிப்பார். பார்ப்பவருக்கு அவர் தங்களையே பார்ப்பதுபோல் இருக்கும்.

நான் ஒரு நூற்பாலையில் பணியாளர் பிரிவில் இருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். ஒரு வருஷம் சட்டப்படியான 8.33 சதவீத போனஸ் தீபாவளிக்கு முன்பும், வழக்கமாக அதற்கு மேல் கொடுக்கும் தொகை பொங்கலுக்கும் என்று முடிவானது. மேலாளர் அதைத் தொழிலாளர்களுக்கு வீடியோவில் சொல்ல வேண்டும். நல்ல மனிதர், ஆனால் கூச்ச சுபாவம். முதலில் எழுதிக்கொடுத்த வாசகம் இப்படி: "நிர்வாகம் எதிர்கொண்டுள்ள நெருக்கடியைக் கருத்தில்கொண்டு, தங்களின் ஒத்துழைப்பைக் கோருகிறோம் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்." அவர் அதைப் படித்தார். செய்தி வாசிப்பதுபோல் இருந்தது. இதைக் காட்டியிருந்தால் பொங்கல் பணம் வராது என்றே ஆட்கள் முடிவுகட்டியிருப்பார்கள்.

வாசகத்தை மாற்றினோம். "இந்த வருஷம் நூல் சரியா விக்கலைங்க. உங்களுக்குத் தெரியாதது இல்ல. சட்டப்படி வரவேண்டிய போனஸ் தீபாவளிக்கு முன்னாடியே வந்துடும். மிச்சம் பொங்கலுக்கு." தமிழில் இதுதான் முக்கியம். நாம் எழுதுவது ஒரு தமிழ், பேசுவது வேறு தமிழ். எழுத்துத் தமிழைத் திரையில் ஓடவிட்டால், எவ்வளவு பழகியவரும் வாசிப்பதுபோல்தான் கேட்கும். எண்ணைக்கூட 8.33 என்று போடாமல் "எட்டு புள்ளி மூணு மூணு" என்று எழுதினோம். இலக்கத்தைப் பார்த்ததும் நாக்கு ஒரு நொடி நின்றுவிடும்.

அடுத்தது கண். கேமரா பக்கத்தில் இருந்தால் கருவிழி இடமும் வலமும் ஓடுவது அப்படியே பதிவாகும். அதனால் கேமராவைப் பின்னுக்குத் தள்ளி, ஜூம் செய்து எடுத்தார்கள். வரிக்கு மூன்று நான்கு வார்த்தைதான் வைத்தார்கள். படிக்கும் வரி லென்ஸின் மட்டத்திலேயே நிற்க வேண்டும். எழுத்தை ஓட்டும் பையனுக்கு ஒரே விதி: பேசுபவர் பின்னால் அவன் போகவேண்டும். அவர் நிறுத்தினால் எழுத்தும் நிற்க வேண்டும். எழுத்து முந்திப்போனால் பேசுபவர் துரத்த ஆரம்பிப்பார். மூச்சு வாங்கும், வாக்கியத்தின் கடைசி வார்த்தையை விழுங்குவார். அதைக் கேட்டதுமே வேகம் கூடிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

முழுவதையும் அப்படி எடுக்கவில்லை. தேதி, தொகை இவற்றில் ஒரு சொல் மாறினாலும் தகராறு வரும், அதற்கு ப்ராம்ப்டர். ஆட்களுக்கு நன்றி சொல்லும் இடத்துக்கு அட்டை. அட்டையில் வாக்கியம் கிடையாது; பெரிய எழுத்தில் "ராத்திரி ஷிப்ட்", "மழைக்காலம்", "கேன்டீன்" என்று மூன்றே குறிப்பு. லென்ஸுக்குக் கீழே ஒட்டினாற்போல் ஒருவர் பிடித்துக்கொண்டார். ஒரு சாண் தள்ளிப் பிடித்தாலும் பார்வை விலகியது தெரிந்துவிடும். மேலாளர் குறிப்பைப் பார்த்து, சொந்த வார்த்தையில் பேசினார். இரண்டு இடத்தில் திக்கினார். அதை வெட்டவேண்டாம் என்று நான்தான் சொன்னேன். மனசிலிருந்து பேசுகிறவன் கொஞ்சம் திக்கத்தானே செய்வான்?

அட்டை பழைய முறை என்று ஒதுக்க வேண்டாம். அமெரிக்காவில் 1975 முதல் நேரலையாக நடக்கும் 'சாட்டர்டே நைட் லைவ்' நிகழ்ச்சியில் இன்றும் கையால் எழுதிய அட்டைதான். கடைசி நிமிடத்தில் வசனம் மாறினால், அட்டையைத் திருத்திவிட்டால் போதும்.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் ஓர் எல்லை உண்டு. பயத்தால் வரும் தடுமாற்றத்தைக் கருவி மறைக்கும். சொல்வதை நம்பாதவரின் முகத்தை மறைக்காது. அந்த வாசகத்தில் பொங்கல் என்று எழுதும் முன், பணத்துக்கு ஏற்பாடு இருக்கிறதா என்று கணக்குப் பிரிவில் கேட்டுத்தான் எழுதினோம். இருந்தது. அதனால்தான் அந்த வரியை அவரால் கண் சிமிட்டாமல் சொல்ல முடிந்தது என்பது என் எண்ணம்.