அவள் சொல்லாததை நீங்கள் எழுதாதீர்கள்

நவம்பர் மாதம் வந்தால் ஒஸ்லோவில் இருக்கும் எங்களில் பலருக்கு ஊரிலிருந்து ஒரு வட்ஸ்அப் வரும். மச்சாளோ, ஒன்றுவிட்ட தம்பியோ, அம்மாவின் சிநேகிதியின் மகளோ இங்கே மாஸ்டர்ஸ் படிக்க விண்ணப்பிக்கிறார். ஏன் படிக்க விரும்புகிறேன் என்று தமிழில் ஒரு பக்கம் எழுதியிருக்கிறார். கீழே ஒரு வரி: “இதை ஒருக்கா நல்ல இங்கிலீசில மாத்தித் தாங்கோ.”

அந்த “நல்ல” என்ற சொல்லில்தான் பிழை தொடங்குகிறது. நாங்கள் இங்கே பிறந்து வளர்ந்தவர்கள், ஆங்கிலம் சரளம். உதவி செய்கிற உற்சாகத்தில் அந்தப் பிள்ளையின் பக்கத்தை ஊதிப் பெருப்பித்துவிடுகிறோம். “விருப்பம்” என்று எழுதியிருந்தால் “தணியாத தாகம்” ஆக்குகிறோம். “செய்து பார்த்தோம்” என்றிருந்தால் “புரட்சி செய்தோம்” ஆக்குகிறோம். இதை மொழிபெயர்ப்பு என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இன்னொருவரின் பெயரில் பொய் சொல்வது அது.

“எல்லாரும் கூட்டித்தானே எழுதுகிறார்கள், உண்மையை மட்டும் எழுதினால் பின்னுக்குத் தள்ளப்படுவோம்” என்று சொல்வீர்கள். கூட்டி எழுதுவதால் ஒருவர் தனித்துத் தெரிவதில்லை, கூட்டத்தில் கரைந்துபோகிறார். பிரித்தானியாவில் பல்கலைக்கழக விண்ணப்பங்களைக் கையாளும் யூகாஸ், 2007இல் ஏறத்தாழ 50,000 விண்ணப்பக் கடிதங்களைக் கணினியில் ஒப்பிட்டுப் பார்த்தது. எட்டு வயதில் தன் பிஜாமாவில் ஓட்டை எரித்துக்கொண்ட கதை 234 கடிதங்களில் இருந்தது! இணையத்தில் கிடைத்த ஒரு மாதிரிக் கடிதத்தின் கதை அது. “சின்ன வயதிலிருந்தே இயந்திரங்களைப் பிரித்துப் பார்ப்பேன்” என்று நீங்கள் சேர்க்கும் வரியும் அந்த இனம்தான்.

ஊதுவதில் இதைவிடப் பெரிய நட்டமும் உண்டு. அது கடிதத்தின் நோக்கத்தையே அழித்துவிடுகிறது. ஓர் உதாரணத்தை எடுத்துப் பார்ப்போம்.

கிளிநொச்சி அறிவியல் நகரில், யாழ் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் படித்த ஒரு பெண் இப்படி எழுதுகிறாள் என்று வைப்போம்: “இறுதியாண்டில் எங்கள் குழு கிணற்று நீரின் உவர்த்தன்மையை அளக்கும் கருவி ஒன்றைச் செய்தது. அதில் நானும் பங்கெடுத்தேன். எங்கள் மக்களுக்கு உதவ வேண்டும் என்பது என் ஆசை.”

ஊதுகிறவர் இதை எப்படி மாற்றுவார்? “வடபகுதியின் தண்ணீர்ப் பிரச்சினையைத் தீர்க்கும் முன்னோடித் திட்டத்துக்குத் தலைமை தாங்கினேன்.” வாசிக்கும் பேராசிரியர் இரண்டு கேள்வி கேட்பார். தீர்த்துவிட்டாய் என்றால் இங்கே எதைப் படிக்க வருகிறாய்? தலைமை தாங்கினாய் என்றால் உன் விரிவுரையாளரின் சிபாரிசுக் கடிதத்தில் அது ஏன் இல்லை? கடிதம் தனியே போவதில்லை. புள்ளிப் பட்டியலும் சிபாரிசும் அதன் பக்கத்திலேயே இருக்கும்.

ஆனால் சொல்லுக்குச் சொல் மாற்றுவதும் நேர்மை ஆகாது. “நானும் பங்கெடுத்தேன்” என்பதை அப்படியே ஆங்கிலத்தில் போட்டால், பக்கத்தில் நின்று பார்த்தவள் என்றுதான் விளங்கும். தமிழில் அது பணிவு. கம்பர் அவையடக்கத்தில் தன்னைத் தாழ்த்திக்கொள்கிறார், ஆனால் அதைத் தாண்டினால் பத்தாயிரம் பாட்டு அளவில் காவியம் கிடக்கிறது. இந்தப் பெண்ணின் பணிவுக்குப் பின்னால் வாசிக்கிறவருக்கு வேறெதுவும் இல்லை, இந்த ஒரு பக்கம்தான். ஆகவே அந்தப் பணிவுக்குள் என்ன இருக்கிறது என்று அவளிடமே கேட்க வேண்டும்.

போன் எடுத்து மூன்று கேள்வி கேளுங்கள். நீ கையால் என்ன செய்தாய்? எவ்வளவு செய்தாய்? எது முடியாமல் போனது?

அவள் சொல்வாள்: குழுவில் நாலு பேர். கருவியின் வாசிப்பைச் சரிபார்த்துத் திருத்துவது தன் வேலை. ஒரே வாளித் தண்ணீரைக் காலையில் அளந்தால் ஒரு எண், மத்தியானம் அளந்தால் கூடின எண். காரணம் வெப்பம். உவர்த்தன்மையை மின்கடத்துதிறனை வைத்து அளக்கிறார்கள். வெப்பம் ஒரு பாகை ஏறினால் அது ஏறத்தாழ 2 வீதம் ஏறும். காலைக்கும் மத்தியானத்துக்கும் 8 பாகை வித்தியாசம் என்றால், தண்ணீர் மாறாமலே எண் 16 வீதமளவில் கூடிவிடும். அதைக் கண்டுபிடித்து, வெப்ப உணரி ஒன்றைச் சேர்த்து, கணக்கைத் திருத்தியது அவள்தான். ஆனால் ஆறு கிணறுகளில், இரண்டு மாதம் மட்டுமே பார்க்க முடிந்தது. வறட்சிக் காலம் வர முதல் படிப்பு முடிந்துவிட்டது.

இப்போது ஆங்கிலத்தில் எழுதுங்கள். நாலு பேர் கொண்ட குழுவில் கருவியின் அளவுத் திருத்தம் என் பொறுப்பு. ஒரே நீர் காலையிலும் மத்தியானமும் வேறு எண் காட்டியது. வெப்பம்தான் காரணம் என்று கண்டு திருத்தினேன். ஆறு கிணறுகளில் இரண்டு மாதம் சோதித்தோம், வறட்சிக் காலத்தில் சோதிக்கவில்லை. ஒரு வருடம் முழுக்கக் களத்தில் விடப்படும் உணரிகளின் தரவு எவ்வளவு நம்பத்தக்கது என்று எப்படி அறிவது? அதைப் படிக்கவே வருகிறேன்.

இதில் ஒரு பெரிய சொல்லும் இல்லை. ஆனால் அவளுடைய நோக்கம் எங்கே இருந்தது என்று பாருங்கள். முடியாமல் போன இடத்தில் இருந்தது. ஊதியவர் முதலில் மூடியது அந்த இடத்தைத்தான்.

போரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அவள் “2009இல் இடம்பெயர்ந்தோம், ஒரு வருடம் பள்ளிக்கூடம் போகவில்லை” என்று ஒரு வரி எழுதியிருந்தால், ஆங்கிலத்திலும் ஒரு வரியாகவே இருக்கட்டும். அதில் செல் அடியும் கண்ணீரும் சேர்க்க எங்களுக்கு உரிமை இல்லை. அவள் எழுதவே இல்லையென்றால், எழுதச் சொல்லி நெருக்கவும் கூடாது. நாங்கள் தொலைக்காட்சியில் பார்த்ததை அவள் வாழ்ந்தாள். எவ்வளவு சொல்வது என்பது அவளுடைய முடிவு.

நேர்மையான கடிதம் குறைந்த புள்ளிகளைத் தூக்கிவிடாது. இங்கே பல கற்கைநெறிகளில் முதலில் பார்ப்பது புள்ளிகளைத்தான். ஆனால் 2023 இலையுதிர் காலத்திலிருந்து ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து வரும் மாணவர்கள் நோர்வேயிலும் கட்டணம் கட்ட வேண்டும். காணியை ஈடு வைத்து அனுப்பும் குடும்பம் அது. நீங்கள் ஊதிய கடிதத்தால் தனக்குப் பொருந்தாத ஒரு கற்கைநெறிக்குள் அவள் வந்து விழுந்தால், கடனும் அவமானமும் அவளுக்குத்தான், உங்களுக்கு இல்லை.

அனுப்ப முதல் ஒரு சோதனை செய்யுங்கள். ஆங்கிலக் கடிதத்தை வரிவரியாகத் தமிழில் அவளுக்கே சொல்லிக் காட்டுங்கள். “ஐயோ, நான் அப்பிடிச் சொல்லேல்லையே” என்று அவள் கூச்சப்படும் வரி ஊதியது, வெட்டுங்கள். “அதை விட்டுட்டீங்களே” என்றால் குறைத்துவிட்டீர்கள், சேருங்கள். “ஓம், அதுதான்” என்று கடைசி வரி வரைக்கும் சொன்னால் அனுப்பலாம். கீழே இருப்பது அவளுடைய பெயர்.