ஈஸிசேரின் வயது

மலைத்தோட்டத் துரைமார் காலை நீட்டிப் படுத்த கைநீட்டு நாற்காலியை நம்மில் பலரும் பழைய பங்களாக்களில் கண்டிருப்போம். அதன் அகன்ற கைப்பலகைக்கு அடியில் இன்னொரு பலகை ஒளிந்திருக்கும். முன்னே திருப்பினால் கால் வைக்கும் தாங்கியாகிவிடும். அண்மையில் ஒரு விற்பனையில் அத்தகைய நாற்காலி ஒன்றைக் கண்டேன். 'கம்பெனி காலம், 1820' என்று சீட்டு ஒட்டி, இரட்டை விலை கேட்டார்கள். சான்று கேட்டதற்கு, "தேக்கைப் பாருங்கள், பிரம்பைப் பாருங்கள்" என்றார் விற்பவர். இவ்விரண்டுமே வயது சொல்லத் தகாத சாட்சிகள் என்பது என் துணிபு.

தேக்கும் ஈட்டியும் அன்றும் அறுபட்டன, இன்றும் அறுபடுகின்றன. பழைய கதவைப் பிரித்துப் புது நாற்காலி செய்யும் தச்சரும் உண்டு. மரம் தன் வயதைச் சொல்லலாம், நாற்காலியின் வயதைச் சொல்லாது. பிரம்போ உட்கார உட்கார அறுந்துபோவது. ஒரு நாற்காலி பலமுறை பின்னப்பட்டிருக்கும். ஆகவே பின்னலை விட்டுச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். கையால் பின்னியதானால் சட்டம் நெடுகச் சிறு துளைகள் வரிசையாக இருக்கும்; பிரம்பு இழுத்து இழுத்து அவற்றின் விளிம்பு மழுங்கியிருக்கும். எந்திரத்தில் நெய்த பிரம்புத் தட்டியானால் துளைக்குப் பதில் ஒரு காடி வெட்டி அதில் அழுத்தியிருப்பார்கள். அத்தகைய தட்டி 1870களுக்குப் பின் வந்தது. பழைய துளைகளின் மேலேயே காடி ஓடினால், காடி பின்னால் நேர்ந்த பழுதுபார்ப்பு. நான் கண்டதில் மழுங்கிய துளைகளே இருந்தன. அது பழமைக்கு ஆதரவுதான். ஆனால் கைப்பின்னல் இன்றும் நடப்பதால் ஆண்டைக் குறிக்காது.

உண்மை பேசியது கைப்பலகையின் திருகாணி. அனுமதி பெற்றுக் கழற்றினேன். நுனி கூர்மையாக இருந்தது. பழைய திருகாணிகளின் நுனி மொட்டை. கூர்நுனி ஆணியைப் பர்மிங்ஹாமில் நெட்டில்ஃபோல்டு நிறுவனத்தார் எந்திரத்தில் செய்யத் தொடங்கியது 1854இல்தான். "ஆணியை மாற்றியிருக்கலாமே?" என்றார் விற்பவர். நியாயமான கேள்வி. மாற்றியிருந்தால் மொட்டை ஆணிக்குத் துளைத்த பழைய குழியின் அடிப்பாகம் அகன்றே இருக்கும், அல்லது அருகில் அடைத்த துளை தெரியும். இங்கே ஒரே குழி. அதுவும் அடிவரை குறுகிச் சென்றது. மறுகையிலும் அப்படியே.

பின்பு மூட்டுகளைத் தடவிப் பார்த்தேன். கழுந்தைப் பூட்டிய மர ஆணிகள் நூலளவு புடைத்து, வட்டம் நீள்வட்டமாகியிருந்தன. சுற்றியுள்ள மரம் குறுக்குவாட்டில் சுருங்குவதால் இப்படி ஆகும். இது அண்மையில் செய்த போலி அல்ல என்பதற்கு நல்ல அடையாளம். பலகையின் அடியில் சுழற்சி உராய்ந்த வில்வடிவத் தேய்மானமும் ஆழமாக இருந்தது.

ஆகவே என் கணிப்பு: 1850களின் நடுப்பகுதிக்கு முந்தியதல்ல, அதன் பிறகு 1920 வரை எந்த ஆண்டும் ஆகலாம். இதற்குமேல் குறுக்கிச் சொல்பவரிடம் ரசீது கேளுங்கள். விற்பவர் சீட்டைக் கிழிக்கவில்லை. நானும் நாற்காலியை வாங்கவில்லை. திருகாணியை மட்டும் பழையபடி முடுக்கிவிட்டு வந்தேன்.