வெள்ளிக்கிழமை போடக் கூடாத ஊசி

ஞாயிற்றுக்கிழமை விடுமுறை விடும் எந்த மருத்துவமனையும் ஆய்வகமும் மாண்டூ பரிசோதனைக்கான ஊசியை வெள்ளிக்கிழமை போடக் கூடாது. காசநோய்க் கிருமி உடலுக்குள் புகுந்திருக்கிறதா என்று தோலில் பார்க்கும் இந்தச் சோதனையின் முடிவை, ஊசி போட்ட 48 மணி நேரத்துக்குப் பிறகு, 72 மணி நேரத்துக்குள் பார்த்தாக வேண்டும். வெள்ளி காலை 10 மணிக்குப் போட்டால் அந்தக் கெடு ஞாயிறு காலை 10 மணிக்குத் தொடங்கி, திங்கள் காலை 10 மணியோடு முடிந்துவிடும். ஞாயிறு கதவு பூட்டியிருக்கும். திங்களன்று சீட்டு வாங்கி வரிசையில் நிற்பதற்குள் மணி பத்தைத் தாண்டிவிடும். அதற்குள் தடிப்பு வடியத் தொடங்கியிருந்தால், உள்ளே கிருமி இருக்கும் குழந்தைக்கும் இல்லை என்று எழுதப்பட்டுவிடும்.

ஊசி போடும்போது காட்டும் கவனம் பார்க்கும்போதும் இருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது. முன்கையின் உட்புறத் தோலை இழுத்துப் பிடித்து, ஊசிமுனையின் சாய்வான வாய் மேல்நோக்கி இருக்க, தோலோடு ஏறக்குறைய படுத்த நிலையில், 5 முதல் 15 டிகிரிக்குள் செவிலியர் ஊசியை நுழைக்கிறார். 0.1 மில்லி மருந்து மெதுவாக இறங்கும்போது 6 முதல் 10 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு வெளிறிய புடைப்பு எழ வேண்டும். அதன் மேற்பரப்பு ஆரஞ்சுப் பழத் தோல்போலக் குழிகுழியாகத் தெரியும். கோணம் கூடிவிட்டால் மருந்து தோலுக்கு அடியில் போய்விடும், புடைப்பு எழாது. அப்போது 5 சென்டிமீட்டராவது தள்ளி, அல்லது மறு கையில், உடனே மீண்டும் போட வேண்டும். கை தவறியது அந்த நிமிடமே தெரிந்துவிடுவதால் திருத்திக்கொள்ளவும் முடிகிறது.

சரியாகப் போட்டதற்கு அந்தப் புடைப்பு சான்று, அவ்வளவுதான். சிறிது நேரத்தில் அது அமுங்கிவிடும். அமுங்கியதைப் பார்த்து, 'ஒன்றும் இல்லை' என்று நினைத்து மருத்துவமனைக்குத் திரும்பாமல் இருந்துவிடும் பெற்றோர் உண்டு. அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஊசி போட்டவர்தான் அதைச் சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். கிருமியை முன்பே சந்தித்த உடலில், அதை அடையாளம் கண்டுகொள்ளும் வெள்ளணுக்கள் ஊசி போட்ட இடத்துக்கு வந்து குவிய இரண்டு நாள் பிடிக்கிறது. பார்க்க வேண்டியது அப்போது எழும் கெட்டியான தடிப்பை.

தவறு பெரும்பாலும் நடப்பது இந்தக் கட்டத்தில்தான். தந்தைக்குச் சளியில் கிருமி இருக்கும் ஒரு வீட்டுப் பத்து வயதுப் பையனை எடுத்துக்கொள்வோம். கையில் 18 மில்லிமீட்டருக்குச் சிவந்திருக்கிறது. விரலால் தடவினால், கெட்டியான பகுதி கையின் நீளவாக்கில் 12, குறுக்குவாக்கில் 8. எழுத வேண்டிய எண் 8 மட்டுமே. சிவப்பைக் கணக்கில் எடுக்கக் கூடாது. தடிப்பைக் குறுக்குவாக்கில்தான் அளக்க வேண்டும். நம் நாட்டில் பொதுவாக 10 மில்லிமீட்டர், எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்களுக்கு 5 மில்லிமீட்டர் என்பதே எல்லை. ஒரே கையை மூன்று பேர் மூன்று விதமாக அளந்தால் அந்தப் பையன் எல்லைக்கு இப்பக்கமும் அப்பக்கமும் போய் வருவான்.

இதனால்தான் கையைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வதை ஏற்க முடியாது. படத்தில் தெரிவது சிவப்பு. தடிப்பின் ஓரம் விரலுக்குத்தான் தெரியும். 'பாசிட்டிவ்', 'நெகட்டிவ்' என்று ஒற்றைச் சொல்லில் தரும் அறிக்கையையும் மருத்துவர்கள் திருப்பி அனுப்ப வேண்டும். ஊட்டம் குறைந்த குழந்தைக்கும், அண்மையில் அம்மை கண்ட குழந்தைக்கும் கிருமி இருந்தும் தடிப்பு எழாமல் போகலாம், பி.சி.ஜி. தடுப்பூசியால் கிருமி இல்லாமலும் சிறு தடிப்பு எழலாம். நோயாக முற்றிவிட்டதா என்பதையும் இந்தச் சோதனை சொல்லாது. இத்தனையையும் சேர்த்து எடைபோட மருத்துவருக்கு மில்லிமீட்டர் கணக்கு வேண்டும். தடிப்பே இல்லையென்றால் 0 என்று எழுத வேண்டும்.

பி.சி.ஜி.யால் குழம்பாத புதிய தோல் சோதனையான சை-டிபிக்கு இந்தியா 2022-இல் அனுமதி அளித்தது. அது வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அதையும் தோலுக்குள்தான் போட வேண்டும், அதையும் 48 முதல் 72 மணி நேரத்துக்குள்தான் அளக்க வேண்டும். மருந்து மாறினாலும் வெள்ளிக்கிழமைச் சிக்கல் அப்படியேதான் இருக்கும்.

இரண்டாம் முறை வருவதென்றால் தினக்கூலிக்காரருக்கு இன்னொரு நாள் சம்பளம் போகிறது. காசநோயாளியின் வீட்டில் இருப்பவர்களுக்கு ஊசி போட்டால், அளக்கப் பயிற்சி பெற்ற கிராம சுகாதார செவிலியரை அந்த வீட்டுக்கே அரசு அனுப்ப வேண்டும். ஊசி போட்ட நாளும் மணியும், அளக்க வேண்டிய நாளும் மணியும் சீட்டில் எழுதித் தரப்பட வேண்டும். கெடு தாண்டி வருபவருக்குத் தடிப்பு இல்லையென்றால் 'இல்லை' என்று எழுதாமல், கட்டணம் வாங்காமல் மறுபடி ஊசி போட வேண்டும்.