இருண்ட திரைக்கு அரை மணி அவகாசம்



செல்போன் சார்ஜ் சுத்தமாக இறங்கி அணைந்துவிட்டது. சார்ஜரில் போட்டால் திரையில் ஒரு புள்ளி வெளிச்சம்கூட வரவில்லை. போன் போய்விட்டதா, காத்திருக்கலாமா, எத்தனை நேரம்? இதைச் சில வாசகிகள் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். இந்த இதழில் அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். சுவரில் உள்ள பிளக்கில், நல்ல சார்ஜரில் மாட்டிவிட்டு, பொத்தானைத் தொடாமல் அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். அப்போதும் ஒன்றும் தெரியாவிட்டால் ஒரு மணி நேரம் வரை பாருங்கள். அதற்குள் ஒரு பேட்டரிப் படமாவது வரவேண்டும். வராவிட்டால்தான் அடுத்த சோதனை. மாட்டின ஐந்து நிமிஷத்தில் "போச்சு" என்று முடிவு கட்டுவது அவசரம்.

ஏன் இந்தத் தாமதம்? நாலைந்து நாள் காய்ச்சலில் பட்டினி கிடந்த குழந்தைக்கு எழுந்த உடனே சாம்பார் சாதம் போடுவோமா? முதலில் நீர்க்கக் கரைத்த கஞ்சி, அதுவும் கரண்டி கரண்டியாக. வயிறு ஏற்றுக்கொண்டது தெரிந்த பிறகுதான் சாதம். செல்போன் பேட்டரிக்கும் இதே பத்தியம்தான்.

திரையில் பூஜ்யம் காட்டிப் போன் அணையும்போது பேட்டரி முழுக்கக் காலியாகிவிடுவதில்லை. நிறைந்த பேட்டரியில் 4 வோல்ட்டுக்குச் சற்று மேலே இருக்கும். 3 வோல்ட்டை நெருங்கும்போது போன் தானாகவே அணைந்துகொள்கிறது. அடியில் கொஞ்சம் மிச்சம் வைப்பது பேட்டரியின் ஆயுளுக்காகத்தான். அணைந்த அன்றே சார்ஜில் போட்டால் அநேகமாக ஓரிரு நிமிஷத்தில் படம் வந்துவிடும். ஐபோனிலேயே படம் வருவதற்கு முன் இரண்டு நிமிஷம் வரை திரை வெறுமையாக இருக்கலாம்.

அணைந்த போனை அப்படியே பீரோவில் வாரக்கணக்காகப் போட்டு வைத்தால்தான் கஷ்டம். உள்ளே இருக்கும் கடிகாரமும் காவல் சர்க்யூட்டும் அந்த மிச்சத்தையும் துளித்துளியாகக் குடிக்கின்றன. 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கின பேட்டரிக்கு ஒரேயடியாக மின்சாரம் செலுத்தினால் அது கெட்டுப்போகும். அதனால் போனுக்குள் இருக்கும் சார்ஜ் சில்லு வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்கு போல மட்டும் உள்ளே விடுகிறது. இதுதான் கஞ்சி. திரையை ஏற்றுவதற்கோ, போனைக் கிளப்புவதற்கோ இந்தக் கஞ்சி போதாது. அதனால்தான் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே திரை இருட்டாக இருக்கிறது. பேட்டரி பழையபடி 3 வோல்ட்டைத் தாண்டின பிறகு சோறு போட ஆரம்பிக்கும். அப்போது படமும் வரும்.

இடையில் பொத்தானை அமுக்காதீர்கள் என்று சொன்னதற்கும் காரணம் இதுவே. ஒவ்வொரு முறை அமுக்கும்போதும் போன் எழுந்திருக்கப் பார்க்கும். சேர்ந்த கொஞ்சத்தையும் செலவழித்துவிட்டுத் திரும்பவும் படுத்துவிடும். கம்பெனிப் படம் பளிச்சென்று வந்து உடனே மறைவதும் இதனால்தான். அது நல்ல அறிகுறியே, ஆனால் "இன்னும் கொஞ்சம் நேரம் கொடு" என்று அர்த்தம்.

எதில் மாட்டுகிறோம் என்பதும் முக்கியம். எங்கள் எதிர்வீட்டு மாமியின் விஷயத்தைச் சொன்னால் புரியும். பெண்ணின் பிரசவத்துக்காக மாமி இரண்டு மாதம் ஊரில் இல்லை. பேங்கில் கொடுத்திருக்கும் நம்பர் பழைய போனில் இருந்தது. அது பீரோவிலேயே இருந்துவிட்டது. திரும்பி வந்ததும் டி.வி.யின் பின்னால் இருக்கும் யு.எஸ்.பி. துவாரத்தில் ஒயரைச் சொருகிக் கால் மணி பார்த்திருக்கிறார். ஒன்றும் வரவில்லை. பென்ஷன் பணம் எடுக்க வேண்டும். பேங்கிலிருந்து வரும் ஓ.டி.பி. அந்த நம்பருக்குத்தான். பதறிப்போய்த் தெருமுனைக் கடைக்கு எடுத்துப் போனார். அங்கே இருந்த பையன் ஒரு நிமிஷம் ஒயரைச் சொருகிப் பார்த்துவிட்டு, "போர்டு போயிடுச்சு மாமி, ரெண்டாயிரம் ஆகும், டேட்டா வருமான்னு சொல்ல முடியாது" என்று சொல்லிவிட்டான்.

மாமி என்னிடம் வந்து, "புதுசே வாங்கிடலாமாடி?" என்று கேட்டார். "கொஞ்சம் பொறுங்க மாமி, இன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் குடுங்க" என்றேன்.

முதலில் போனைச் சாப்பாட்டு மேஜையில் மல்லாக்க வைத்துச் சுற்றிப் பார்த்தேன். பம்பரம் மாதிரி சுழன்றால் முதுகு உப்பியிருக்கிறது என்று அர்த்தம். அப்படி இல்லை, தட்டையாகவே இருந்தது. அப்புறம் சார்ஜ் துவாரத்தை டார்ச் அடித்துப் பார்த்தேன். பருத்திப் பஞ்சு போல அழுக்கு அடைத்திருந்தது. பல் குத்தும் மரக்குச்சியால் மெதுவாக எடுத்தேன். ஊசி, சேப்டி பின் போன்ற உலோகம் எதையும் உள்ளே விடக்கூடாது. பிறகு எங்கள் வீட்டுச் சார்ஜரை முதலில் என் போனில் மாட்டி, சார்ஜ் ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டேன். ஸ்விட்ச் போர்டில் பிளக் தொளதொளவென்று இருந்தால் அதுவும் கணக்கைக் கெடுக்கும் அல்லவா?

4 மணி 10 நிமிஷத்துக்கு மாமியின் போனை மாட்டினோம். 4.25க்கு ஒன்றுமில்லை. "ஒரு தடவ அமுக்கிப் பாரேன்" என்றார் மாமி. "அமுக்கினா அவ்வளவும் வீணாப் போகும், காபி குடிச்சிட்டு வாங்க" என்றேன். 4.42க்கு, அதாவது முப்பத்திரண்டாவது நிமிஷத்தில், சிவப்புக் கோடு போட்ட ஒரு பேட்டரிப் படம் வந்தது. அப்போதும் கிளப்பவில்லை. 5.10க்கு 12 சதவீதம் ஆன பிறகுதான் பொத்தானை அமுக்கினோம். போன் எழுந்தது. ஆறு மணிக்குள் பேங்க் செய்தியும் வந்து சேர்ந்தது. செலவு ஒரு மரக்குச்சி!

டி.வி. துவாரத்தில் ஏன் வரவில்லை? டி.வி., கம்ப்யூட்டர் போன்றவற்றின் சாதாரண யு.எஸ்.பி. துவாரம் கொடுப்பது சுவரிலிருக்கும் சார்ஜரைவிட மிகவும் குறைச்சல். அதிலும் போன் எழுந்து "நான் இன்னார்" என்று சொல்லும் வரை மிகச் சிறிய அளவே தருவது வழக்கம். எழுந்தால்தான் அதிகம் கிடைக்கும், அதிகம் கிடைத்தால்தான் எழும். அதனால் செத்த பேட்டரிக்கு எப்போதும் சுவர்ப் பிளக்குதான் உகந்தது. கூடியவரை அந்தப் போனோடு வந்த சார்ஜரும் ஒயரும் இருக்கட்டும்.

ஒரு மணி நேரமாகியும் படம் இல்லையென்றால் என்ன செய்வது? ஆப்பிள் கம்பெனியும் தன் போன்களுக்கு ஒரு மணி நேரம் வரை சார்ஜில் வைத்துப் பார்க்கத்தான் சொல்கிறது. அதற்குள் சார்ஜ் படம் வராவிட்டால் துவாரம், ஒயர், பிளக் இவற்றைச் சோதிக்கச் சொல்கிறது. நாமும் அப்படியே ஒயரையும் சார்ஜரையும் மாற்றி இன்னொரு மணி பார்க்கலாம்.

அதற்குப் பிறகு ஒரே ஒரு முயற்சி பாக்கி. சில சமயம் சார்ஜ் ஏறியிருக்கும், ஆனால் போன் உள்ளுக்குள் உறைந்து கிடக்கும். சார்ஜரை மாட்டியபடியே, ஆண்ட்ராய்டு போனில் பவர் பொத்தானையும் சத்தம் குறைக்கும் பொத்தானையும் சேர்த்து இருபது விநாடி போல அமுக்கிப் பிடியுங்கள். சமீபத்திய ஐபோனில் சத்தம் கூட்டுவதை ஒரு முறை, குறைப்பதை ஒரு முறை தட்டிவிட்டு, பக்கத்துப் பொத்தானை ஆப்பிள் சின்னம் வரும்வரை பிடித்திருக்க வேண்டும். இதற்கும் மசியவில்லையானால் கடைக்குக் கொண்டுபோகத்தான் வேண்டும்.

கடையில் ஒன்று கேளுங்கள்: "பேட்டரியில எத்தனை வோல்ட் இருக்குன்னு என் எதிர்க்க அளந்து காட்டுங்க." மீட்டர் வைத்திருப்பவருக்கு இரண்டு நிமிஷ வேலை. 3 வோல்ட்டுக்கு மேல் நன்றாகவே இருந்தும் போன் எழவில்லை என்றால் கோளாறு வேறு எங்கோ. போர்டோ திரையோ, அப்போதுதான் அந்தப் பேச்சு. 2 வோல்ட்டுக்கும் கீழே என்றால் பேட்டரியை மாற்றிவிடுவதே நல்லது. சில இடங்களில் வெளியிலிருந்து மின்சாரம் பாய்ச்சி "உசுப்பி" விடுவார்கள். அவ்வளவு கீழே வெகுநாள் கிடந்த பேட்டரிக்குள் செம்பு கரைந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகக் கூடும். உசுப்பினால் அன்றைக்கு எழுந்துகொள்ளும்; பிறகு ஒரு நாள் சூடேறி ஆபத்தாகவும் முடியலாம். போனில் இருக்கும் போட்டோவையும் நம்பர்களையும் காப்பாற்றப் புதுப் பேட்டரி போட்டாலே போதும், அவை பேட்டரியில் இல்லை.

எதற்கும் காத்திருக்கக் கூடாத சந்தர்ப்பங்களும் உண்டு. முதுகு உப்பியிருந்தால், திரை ஓரத்தில் தூக்கிக்கொண்டிருந்தால், இனிப்பாகவோ நெடியாகவோ வாடை வந்தால், மாட்டின கொஞ்ச நேரத்தில் கையில் பிடிக்க முடியாமல் சுட்டால், உடனே ஸ்விட்சை அணைத்து ஒயரை எடுத்துவிடுங்கள். மறுபடி சார்ஜ் போடவே வேண்டாம். தண்ணீரில் விழுந்த போனும் அப்படித்தான், நன்றாகக் காயும்வரை சார்ஜில் போடக்கூடாது. வெகுநாள் செத்துக் கிடந்த போனை முதல் தடவை சார்ஜ் செய்யும்போது தலையணை அடியிலோ, மெத்தை மேலோ, ராத்திரி முழுவதுமோ வைக்காதீர்கள். பகலில், கண் எதிரில், கல் மேடையிலோ தரையிலோ இருக்கட்டும்.

கடைசியாக, ஊருக்குப் போகும்போது பழைய போனை வீட்டில் விட்டுப் போவதானால் பாதி அளவு, 50 சதவீதம் போல சார்ஜ் ஏற்றி, அணைத்து வைத்துவிட்டுப் போங்கள். முழுக்க நிரப்பியும் வேண்டாம், காலியாகவும் வேண்டாம். வெயில் படாத, சமையலறைச் சூடு எட்டாத இடமாக இருக்கட்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை எடுத்துத் திரும்பப் பாதிக்கு ஏற்றி வையுங்கள். ஊறுகாய் ஜாடியை அவ்வப்போது திறந்து கிளறி வைப்பது போலத்தான் இதுவும்.