ஏழு நாள் வாக்குறுதி

‘ஏழு நாளுக்குள் விலகினால் முழுப் பணமும் திருப்பித் தரப்படும்.’ 45,000 ரூபாய் இணையவழிப் படிப்புக்கான இந்த அறிவிப்பை நம்பிச் சேர்ந்த மாணவி ஐந்தாம் நாளே விலகுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘முதல் காணொளியைத் திறந்துவிட்டீர்கள், பணம் கிடையாது’ என்கிறது நிறுவனம். அறிவிப்பில் இல்லாத நிபந்தனை இது. விற்கும்போது நாளுக்குப் பத்து முறை அழைத்தவர்கள், இப்போது தொலைபேசியையே எடுப்பதில்லை.

பல்கலைக்கழகக் கல்வி நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்ற 2020ஆம் ஆண்டுத் தீர்ப்பிலேயே, பயிற்சி மையங்களுக்கு அந்த விலக்கு இல்லை என்றது தேசிய நுகர்வோர் ஆணையம். எனவே, பட்டம் தராத பயிற்சி நிறுவனம் ‘நாங்கள் கல்வி நிலையம்’ என்று எளிதில் ஒதுங்கிவிட முடியாது.

அறிவிப்புப் பக்கம் எந்நேரமும் மாற்றப்படலாம். சேரும் நாளிலேயே தேதி தெரியும்படி அதைப் படமெடுத்து வைப்பது நல்லது. விலகலைத் தொலைபேசியில் சொன்னால் சான்று இருக்காது, மின்னஞ்சலே உதவும். முதலில் 1915 உதவி எண்ணில் புகார் செய்யலாம். அது பலிக்காவிட்டால், நிறுவனம் பெங்களூரில் இருந்தாலும் மாணவி தன் ஊர் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் வழக்குக் கட்டணமும் இல்லை.

படிப்புக் கட்டணத்துக்குக் கடன் பெறப்பட்டிருந்தால், தவணையைத் திடீரென நிறுத்துவது மாணவியின் கடன் மதிப்பெண்ணைத்தான் கெடுக்கும். கடன் தந்த நிறுவனத்தையும் எதிர்த்தரப்பாகச் சேர்க்க வேண்டும்.