அம்புக்குறி எங்கே போய் முடிகிறது? நெஃப்ரான் படத்தை வாசிப்பது பற்றி

“நெஃப்ரானின் படம் வரைந்து பாகங்களைக் குறிக்க” என்ற வினா மேல்நிலை வகுப்பிலிருந்து இளநிலை உயிரியல் வரை மாறாமல் தொடர்கிறது. மாணவர்களும் அழகாக வரைகிறார்கள். கிளாமருலஸ், பௌமானின் கிண்ணம், அண்மைச் சுருள் நுண்குழல், ஹென்லே வளைவு, சேய்மைச் சுருள் நுண்குழல், சேகரிப்பு நாளம் ஆகிய ஆறு பெயர்களை எழுதினால் மதிப்பெண் முழுமையாகக் கிடைத்துவிடுகிறது. ஆனால் அதே மாணவரிடம், “நீரிழிவு நோயாளியின் சிறுநீரில் குளுக்கோஸ் ஏன் வருகிறது?” என்று கேட்டுப் பாருங்கள். “வடிகட்டி பழுதாகிவிட்டது” என்ற விடை முதுநிலை வகுப்பிலும் வருகிறது. அது தவறான விடை. அதைத் தவறென்று காட்டும் படத்தைத்தான் அவர் சற்றுமுன் வரைந்து முடித்திருப்பார். நாம் இந்தப் படத்தை வரையக் கற்பிக்கிறோம், வாசிக்கக் கற்பிப்பதில்லை என்பதே என் கருத்து.

குழப்பம் ‘வடிகட்டி’ என்ற சொல்லிலிருந்து தொடங்குகிறது. தேநீர் வடிகட்டி வேண்டாத சக்கையைத் தன்னிடம் நிறுத்திக்கொண்டு வேண்டியதைக் கீழே விடுகிறது. கிளாமருலஸ் அப்படி வேண்டியது, வேண்டாதது என்று பிரிப்பதில்லை. இரத்த அழுத்தத்தின் உந்துதலால் நீர், உப்பு, குளுக்கோஸ், அமினோ அமிலம், யூரியா எல்லாம் ஒருசேரக் கிண்ணத்துக்குள் இறங்குகின்றன. இரத்த அணுக்களும் ஆல்புமின் போன்ற பெரிய புரதங்களும் மட்டுமே பெரும்பாலும் இரத்தத்திலேயே தங்குகின்றன. அங்கே நடப்பது அளவையும் மின்னூட்டத்தையும் பொறுத்த பிரிப்பு. பயனைப் பொறுத்த பிரிப்பு அன்று. ஆகவே நலமான உடலிலும் ஒவ்வொரு நிமிடமும் குளுக்கோஸ் வடிகட்டப்பட்டுக்கொண்டே இருக்கிறது. எதை உடலில் வைத்துக்கொள்வது என்ற தெரிவு அதற்குப் பின்வரும் நுண்குழலில்தான் நடக்கிறது.

இங்கே படத்தின் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். பல படங்களில் வெளிச்செல் நுண்தமனி கிளாமருலஸைவிட்டு வந்ததும் வெட்டப்பட்டு நின்றுவிடுகிறது. நுண்குழலிலிருந்து வெளியே வரும் ‘மீள உறிஞ்சுதல்’ அம்புக்குறிகள் வெற்றுத்தாளில் போய் முடிகின்றன. உறிஞ்சப்பட்ட பொருள் எங்கே போனது என்று கேட்டால் மாணவருக்கு விடை தெரிவதில்லை. உண்மையில் அந்த நுண்தமனி மீண்டும் தந்துகிகளாகக் கிளைத்து நுண்குழலைச் சுற்றிப் படர்கிறது. கிளாமருலஸுக்கு வந்த பிளாஸ்மாவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கிண்ணத்துக்குள் போய்விட்டதால், மீதமுள்ள இரத்தத்தில் புரதச் செறிவு கூடியிருக்கிறது. அதன் அழுத்தமோ குறைந்திருக்கிறது. இவ்விரண்டும் சேர்ந்து நுண்குழல் திருப்பித் தரும் நீரை இழுத்துக்கொள்கின்றன. வடிகட்டுதலே மீள உறிஞ்சுதலுக்கு வழி அமைத்துக் கொடுக்கிறது. அந்தத் தந்துகி வலையை வரையாத படத்தில் இந்தத் தொடர்பைக் காண இயலாது.

அடுத்த குறை, படத்தில் எண்களே இல்லாதது. இரு சிறுநீரகங்களும் சேர்ந்து நிமிடத்துக்குச் சுமார் 125 மி.லி., நாளொன்றுக்கு 180 லிட்டர் வடிநீரை உருவாக்குகின்றன. அண்மைச் சுருள் நுண்குழலைக் கடக்கும்போது அதில் மூன்றில் ஒரு பங்கான 60 லிட்டரே எஞ்சுகிறது. ஹென்லே வளைவைத் தாண்டும்போது 30 லிட்டருக்குச் சற்று மேல் இருக்கும். கடைசியில் வெளியேறுவது ஒன்றரை லிட்டர் அளவு. பாதையின் நான்கு இடங்களில் இந்த நான்கு எண்களை எழுதிவிட்டால், பெரும்பாலான நீரை மீட்பது ஹென்லே வளைவுதான் என்ற பரவலான தவறான எண்ணம் தானாகவே விலகும். வளைவின் பணி வேறு. அது மெடுல்லாவில் உப்புச் செறிவை உருவாக்கி வைக்கிறது. அதைவிட்டு வெளியேறும் நீர்மம் இரத்தத்தைவிட நீர்த்ததாகவே இருக்கிறது. சிறுநீர் இறுதியில் அடர்வதும் அடராததும், ஏ.டி.எச். ஹார்மோனின் ஆணைப்படி சேகரிப்பு நாளம் எவ்வளவு நீரை விட்டுக்கொடுக்கிறது என்பதைப் பொறுத்தது.

இனி குளுக்கோஸ் வினாவுக்கு வருவோம். 100 மி.லி. பிளாஸ்மாவில் 100 மி.கி. குளுக்கோஸ் இருந்தால், நிமிடத்துக்கு 125 மி.கி. வடிகட்டப்படும். அண்மைச் சுருள் நுண்குழலின் கடத்திப் புரதங்கள் நிமிடத்துக்கு அதிகபட்சமாகச் சுமார் 375 மி.கி. மீட்க வல்லவை. ஆகவே வடிகட்டப்பட்டது முழுவதும் திரும்பிவிடுகிறது. அளவு 400 மி.கி. ஆக உயர்ந்தால் 500 மி.கி. வடிகட்டப்படும், 375 மீளும், 125 மி.கி. சிறுநீரில் போகும். அது தன்னோடு நீரையும் நிறுத்திக்கொள்வதால் சிறுநீரின் அளவு பெருகுகிறது, தாகம் எடுக்கிறது. இதில் வடிகட்டியும் பழுதாகவில்லை, நுண்குழலும் பழுதாகவில்லை. வந்த சுமை, தாங்கும் திறனை மீறிவிட்டது. இக்கணக்கின்படி 300 மி.கி.க்கு மேல்தான் சர்க்கரை தென்பட வேண்டும். ஆனால் சுமார் 180 மி.கி. அளவிலேயே தோன்றத் தொடங்குகிறது. எல்லா நெஃப்ரான்களும் ஒரே திறனுடையவை அல்ல என்பதே முக்கியக் காரணம்: திறன் குறைந்தவை முன்னதாகவே நிரம்பிவிடுகின்றன. நாம் வரைவது ஒரு நெஃப்ரானை. உடலில் இருப்பவையோ பல இலட்சம்.

இப்போது மூன்று பேரின் பரிசோதனை அறிக்கைகளைக் கற்பனை செய்துகொள்வோம். மூவரின் சிறுநீரிலும் சர்க்கரை இருக்கிறது. முதலாமவரின் இரத்தத்தில் சர்க்கரை 400. இது நாம் கணக்கிட்ட நிலை. இரண்டாமவருக்கு இரத்தச் சர்க்கரை முற்றிலும் இயல்பு, பிறவியிலேயே எஸ்.ஜி.எல்.டி.2 என்ற கடத்திப் புரதம் சரியாக அமையவில்லை. மூன்றாமவர் டாபாகிளிஃப்ளோசின் மாத்திரை உட்கொள்கிறார். அது அதே புரதத்தைத் தடுக்கும் மருந்து. அவருடைய சிறுநீரில் சர்க்கரை காணப்படுவது மருந்து வேலை செய்வதன் அடையாளம். மூவருக்கும் விரல் வைக்க வேண்டிய இடம் அண்மைச் சுருள் நுண்குழல்தான். காரணங்கள் மட்டுமே வேறு. எது எவருடையது என்பதைச் சிறுநீர் மட்டும் சொல்லாது. உடன் எடுத்த இரத்தச் சர்க்கரை அளவும் மருந்துச் சீட்டும் சொல்லும்.

நான்காவதாக ஒருவரின் சிறுநீரில் சர்க்கரை இல்லை, ஆல்புமின் மிகுதியாக இருக்கிறது. இப்போதுதான் விரல் கிளாமருலஸுக்கு நகர வேண்டும். நீண்டகால நீரிழிவு உண்மையிலேயே வடிகட்டியைக் கெடுக்கிறது. ஆனால் அதன் சான்று ஆல்புமின், குளுக்கோஸ் அன்று. நீரிழிவு நோயாளியிடம் இரண்டும் ஒன்றாகக் காணப்படக்கூடும் என்பதால்தான் மாணவர்கள் இவற்றைக் கலந்துவிடுகிறார்கள். முதலாவது இன்றைய சர்க்கரையின் அளவைக் காட்டுகிறது. இரண்டாவது பல ஆண்டுகளில் நேர்ந்த சேதத்தைக் காட்டுகிறது. நோயாளியிடம் சொல்ல வேண்டிய செய்தியும் இவ்விரண்டுக்கும் ஒன்றாக இராது.

ஆகவே வினாத்தாள் அமைப்போரிடம் என் வேண்டுகோள் இதுதான். படத்தை வரையச் சொல்லாதீர்கள்; அச்சிட்டே கொடுத்துவிடுங்கள், தந்துகி வலை உட்பட. அதனுடன் மேற்கண்டவை போன்ற நான்கு அறிக்கைகளைத் தந்து, ஒவ்வொன்றுக்கும் படத்தில் ஓர் இடத்தைச் சுட்டி, இரண்டு வரியில் காரணம் எழுதச் சொல்லுங்கள். திருத்துவதற்குச் சற்றுக் கூடுதல் நேரம் ஆகும் என்பது உண்மை. ஆனால் ஆறு பெயர்களை மனப்பாடம் செய்தவரையும், அம்புக்குறியைப் பின்தொடரத் தெரிந்தவரையும் அந்த விடைத்தாள் வேறுபடுத்திக் காட்டும்.